சீர்த்தட்டில் கல்லு வைத்த மாம்பழம்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கிற என் பழக்கடைக்கு மாம்பழ சீசனில் வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “இது கல்லு வெச்ச பழமா?” இல்லை என்பேன். நாலு கடை தள்ளி இருக்கிற இன்னொரு பழக்கடைக்காரரும் இல்லை என்றுதான் சொல்வார். கேட்டவர் இரண்டு பேரையும் ஒரே மாதிரி நம்பாமல் பார்த்துவிட்டு, எது பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு போவார். இந்தக் கூத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். சித்திரை மாதத்தில் அது இன்னும் கொஞ்சம் மேலே ஏறும்.

கல்லு என்றால் கார்பைடு கல். கேஸ் வெல்டிங் பட்டறையில் இரும்பை ஒட்ட வைத்திருப்பார்களே, அதே கல்தான். அதைப் பேப்பரில் பொட்டலமாகக் கட்டி மாங்காய்க்கு நடுவில் செருகி மூடி வைத்தால், காயின் ஈரத்திலேயே அது புகைந்து கேஸ் விடும். அந்தச் சூட்டிலும் கேஸிலும் தோல் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். தோல் மட்டும்தான். உள்ளே காய் காயாகவே இருக்கும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் என்று கலப்படம் இருக்கும், அது பழத்தில் படியும். அதனால்தான் சட்டத்தில் அதற்குத் தடை. எத்திலின் சேம்பர் வேறு விஷயம். பழம் தானாக விடுகிற அதே கேஸை அளவோடு அறைக்குள் விடுவது, அதற்கு அனுமதி உண்டு. என் கடை வாழைப்பழமெல்லாம் சேம்பரில் பழுத்ததுதான். மாங்காயை மட்டும் நானே வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைப்பேன்.

அப்பா ஆரம்பித்த கடை இது. அவர் போன பிறகு என் கைக்கு வந்தது. தங்கை ஸ்கூல் விட்டதும் கடைக்கு வந்து, பழக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவாள். மாம்பழத்தைக் காம்புப் பக்கம் முகர்ந்து பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே முகர்ந்து, தனக்கென்று நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள். அப்புறம் அதைத் தோலோடு கடித்து, முழங்கை வரை சாறு வழியச் சாப்பிடுவாள். அதற்காக அம்மாவிடம் திட்டு வாங்காத நாள் கிடையாது.

இந்தச் சித்திரையில் அவளுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி நாலு வருடம் கழித்து நின்ற கரு. நடுவில் ஒன்று தங்காமல் போனது. அதனால் இந்தக் குழந்தை விஷயத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம். அவள் தும்மினால்கூட அம்மா போன் போட்டு விசாரிப்பாள். கோவிலம்பாக்கத்தில் அவள் மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஹாலில் வளைகாப்பு. செக்கப்புக்கு அங்கேதான் ஆஸ்பத்திரி பக்கம் என்பதால், ஒன்பதாம் மாதம்தான் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அப்பா இல்லாத வீடு என்பதால் சீர் என் பொறுப்பு. புடவை, வளையல், ஐந்து வகை சாதம், இனிப்பு, பூ, பழம். பழக்கடைக்காரன் வீட்டுச் சீர் என்றால் எல்லோரும் முதலில் எந்தத் தட்டைப் பார்ப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

மாம்பழத்துக்காக நல்ல முற்றின பங்கனபள்ளியாகத் தேடி வாங்கி வைக்கோலில் வைத்தேன். சீசன் ஆரம்பம். காய் தன் இஷ்டத்துக்குத்தான் பழுக்கும். வளைகாப்புக்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்தபோது பாதி பழுத்திருந்தது. அடிப்பக்கம் மஞ்சள், தோள்பட்டையில் பச்சை, சிலதில் பால் வடிந்த கறை. ஒன்றை அறுத்தேன். உள்ளே கொட்டை வரைக்கும் ஒரே நிறம், வாசனை வீடு முழுக்க நின்றது. மற்றவை இன்னும் இரண்டு நாளில் சரியாகிவிடும். நல்லதாகப் பொறுக்கி, கழுவித் துடைத்து, வாழைச்சீப்போடு ஒரு கூடையில் வைத்து, தட்டில் அடுக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்று அம்மா சொன்னால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹாலுக்கும் சாப்பாட்டுக்கும் அலைந்த களைப்பில் கவனிக்காமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிவதற்குள் கோயம்பேட்டுக்குப் போய் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு நேராகக் கோவிலம்பாக்கம் போனேன். அம்மாவும் சொந்தக்காரப் பெண்களும் தட்டுகளோடு வேனில் வந்து சேர்ந்திருந்தார்கள். ஹாலில் நடு விரிப்பில் தட்டுகள் வரிசையாக இருந்தன. நடுவில் மாம்பழத் தட்டு. கோபுரமாக அடுக்கியிருந்தது. எல்லாம் ஒரே மஞ்சள். ஒன்றுக்கொன்று ஒரு பொட்டு வித்தியாசம் இல்லாமல், எலுமிச்சைக்குப் போட்டியாக மின்னியது. பக்கத்துத் தட்டில் வாழைப்பழமும் அப்படியே. பழமெல்லாம் பளபளவென்று மஞ்சள், காம்பும் சீப்பின் கழுத்தும் மட்டும் கரும்பச்சை.

இரண்டுமே நான் கொடுத்தவை இல்லை.

சும்மா சரி செய்கிற மாதிரி குனிந்து ஒரு மாம்பழத்தை எடுத்தேன். காம்புப் பக்கம் முகர்ந்தேன். மாம்பழ வாசனையே இல்லை. லேசாகப் பூண்டு வாடை. காம்புக் குழியில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. இன்னொன்றில் கருப்புக் கருப்பாகத் திட்டு ஆரம்பித்திருந்தது. அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. வாழைப்பழத்தைக் காம்பு பச்சை என்பதற்காக மட்டும் குற்றம் சொல்ல முடியாது, சேம்பரில் பழுத்ததிலும் கொஞ்சம் பச்சை இருக்கும். ஆனால் விரலை வைத்தால் காய் மாதிரி விறைப்பாக இருந்தது, முகர்ந்தால் பழ வாசனை இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் சந்தேகம் என்றுதான் சொல்லலாம். லேபில் கொடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆனால் வாடை, பொடி, திட்டு எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எதற்கு லேப்?

அம்மாவைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். எங்கே வாங்கினாய் என்றேன். அவள் மறைக்கவில்லை. விடியற்காலையில் என் மூடின கடையைத் தாண்டி நாலு கடை தள்ளிப் போய் மாம்பழமும், அதற்கு ஜோடியாக இருக்கட்டும் என்று வாழைப்பழமும் வாங்கியிருக்கிறாள். போன வருடம் அதிகாரிகள் வந்து அந்தக் கடையின் கூடைகளைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து பேப்பர் பொட்டலங்கள் உருண்டதை நான் என் கடை வாசலில் நின்று பார்த்தேன். பழத்தையெல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் அதே கடை அதே இடத்தில் இன்னும் பெரிய போர்டோடு திறந்தது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கும் நினைவிருந்தது. அதனால் ஜாக்கிரதையாகத்தான் வாங்கினாளாம். வீட்டுக்குக் கொண்டு வந்து பக்கெட் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். மிதந்தால் கல்லு வைத்தது, முழுகினால் நல்லது என்று அவள் போனில் யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் முழுகிவிட்டதாம். முகத்தில் ஒரு தெளிவோடு சொன்னாள்.

மிதப்பதும் முழுகுவதும் காய் முற்றினதா பிஞ்சா என்பதைப் பொறுத்தது. அதற்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை. முற்றின காய்க்குக் கல்லு வைத்தால் அதுவும் முழுகத்தான் செய்யும். இதை அந்தச் சமையல்கட்டில் நின்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. ஏன் மாற்றினாய் என்று மட்டும் கேட்டேன்.

“பழக்கடை வெச்சிருக்கறவன் தங்கச்சிக்குக் காயும் கறையுமா கொண்டாந்தான்னு அவங்க காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்கடா. நாளைக்கு அவதான் அந்த வீட்ல இருக்கப்போறா. உனக்காகவும் அவளுக்காகவும்தான் செஞ்சேன்” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே இருந்த அண்டாவை எட்டி உதைத்திருக்கலாம். யார் மேல் கோபப்படுவது? அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அந்த வீட்டில் உண்மையிலேயே சொல்லிக் காட்டுவார்கள். தினமும் என் கடையில் பச்சைத் தோள்பட்டையைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நாலு கடை தள்ளிப் போகிறவர்களில் இன்று என் அம்மாவும் சேர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, தட்டை அப்புறப்படுத்த ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தேன். பழத்தைக் கழுவி வைக்கிறேன் என்று சொல்லி எடுக்கப் போனேன். தங்கையின் மாமியார் தடுத்துவிட்டார். நல்ல மனுஷிதான், ஆனால் எல்லாம் போட்டோவில் சரியாக விழ வேண்டும் அவருக்கு. அடுக்கினதைக் கலைக்காதீங்க தம்பி, போட்டோ எடுத்த பிறகு பார்த்துக்கலாம் என்றார். இவ்வளவு அழகான பழம் நாங்கள் பார்த்ததே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் வேறு காட்டினார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்பா போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

இந்தப் பழத்தைச் சாப்பிடாதீர்கள் என்று நான் அங்கே சொல்லியிருந்தால் என்ன அர்த்தம்? பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து விஷத்தைச் சீராகக் கொண்டு வந்திருக்கிறோம் என்று நானே மைக் பிடித்துச் சொன்ன மாதிரி. தெரியாமல் வாங்கிவிட்டோம் என்றால் யார் நம்புவார்கள், பழக்கடைக்காரன் சொன்னால்? என் அம்மாவின் தலையை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் குனிய வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அதே சமயம் தங்கை வாயில் அது போவதைப் பார்க்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் மாமியாரின் தங்கையைப் பிடித்து, நறுக்கித் தருவது என் வேலை, கத்தி எனக்குப் பழக்கம், கொஞ்சம் பழத்தை மட்டும் பின்வரிசையிலிருந்து உருவித் தாருங்கள் என்று கெஞ்சினேன். நாலு பழம் கிடைத்தது. குழாயைத் திறந்துவிட்டுக் காம்புக் குழி வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். உப்புத் தண்ணீரோ மஞ்சள் தண்ணீரோ மாயமெல்லாம் செய்யாது, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதும் கொஞ்ச நேரம் ஊற வைப்பதும்தான் நம் கையில் இருப்பது. அதிலும் தோலில் ஒட்டினது போகும், உள்ளே இறங்கினது போகாது. தோலைத் தடிமனாகச் சீவினேன். அறுத்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஒரு மஞ்சள் விளிம்பு, அதற்குள் கொட்டையைச் சுற்றி வெள்ளை. வாயில் ஒரு துண்டு வைத்தேன். புளிப்பு, நாக்கில் சுரீரென்றது. நாலையும் குப்பையில் போட்டு, மேலே வாழை இலையைப் போட்டு மூடினேன். வாழைப்பழத்தில் இரண்டு சீப்பை வேனுக்கு அடியில் தள்ளினேன். திருட்டு வேலை மாதிரி இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது வளையல் அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பெண்கள் கூட்டம் சுற்றி நின்றது. அதற்குள் ஆம்பிளை நுழைய முடியாது. வாசல் நிலையில் நின்றேன். தங்கை நடுவில் கன்னம் நிறையச் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். சிரித்துக்கொண்டிருந்தாள்.

போட்டோ முடிந்தது. மாமியார் தட்டிலிருந்து உச்சியில் இருந்த மாம்பழத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தார். கத்தி கேட்டார். யாரோ கொடுத்தார்கள். தோலோடு ஒரு பெரிய துண்டு அறுத்தார். அண்ணன் கடைப் பழம் என்று சொல்லி அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல். நான் நின்றுவிட்டேன்.

தங்கை கடித்தாள். மெல்லும்போது ஒரு நொடி நின்றாள். அப்புறம் என் பக்கம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். திரும்ப நிமிர்ந்தபோது அவள் விழுங்கியிருந்தாள். மிச்சத் துண்டையும் வாங்கிச் சாப்பிட்டு, நல்லா இருக்கு அத்தை என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது மாமியார் என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கும் பழம் உங்கள் பொறுப்புதான், இதே மாதிரி ஒரே கலரில் இருக்க வேண்டும் என்றார். சரி அத்தை என்றேன். வேறு என்ன சொல்வது? மறுநாளே அவர் தெருவிலிருந்து ஒரு அம்மா கடையைத் தேடிக்கொண்டு வந்தார். வளைகாப்பில் பார்த்த மாம்பழம் வேண்டும் என்றார். இருப்பதைக் காட்டினேன். இதில்லையே, இது காய் மாதிரி இருக்கே என்று தள்ளினார். ஒன்றை அறுத்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று நடந்து போய் நாலு கடை தள்ளி நின்றார். அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி நட்பாக ஆட்டினார்.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். வீட்டிலிருந்து எனக்குக் காபி கொண்டு வந்த அம்மா கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தங்கையின் குரல் கரகரப்பாக இருந்தது. தொண்டை எரிகிறது, இரண்டு தடவை வாந்தி, வயிறும் சரியில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்களாம். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு, எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான், விசேஷம் நடந்தது என்று மாமியாரே பதில் சொல்லிவிட்டாராம். இந்த மாதத்தில் வாந்தி எதனாலும் வரலாம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எதனாலும் வரலாம்தான். அந்தப் பழத்தால்தான் என்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

நான் அம்மாவுக்குக் கேட்காமல் கடைக்குப் பின்னால் நகர்ந்தேன். அந்தப் பழம் என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் அண்ணா” என்றாள். “வாய்ல வெச்ச உடனே தெரிஞ்சுது. நம்ம கடைப் பழம் இப்படி இருக்காதே. வாசல்ல நீ நின்ன மூஞ்சியையும் பார்த்தேன். அம்மா முன்னாடி எப்படிண்ணா துப்புறது?”

அவளே தொடர்ந்தாள். மிச்சப் பழம் பிரிட்ஜில் இருக்கிறது, அத்தை காலையில் ஜூஸ் போட்டுக் கொடுத்தார், ஆபீஸ் போன் என்று சொல்லி பால்கனிக்குப் போய் செடியில் ஊற்றிவிட்டேன் என்றாள். நாளைக்கும் போடுவார். பிறந்த வீட்டுச் சீரை எப்படிக் கொட்டுவது என்று வீணாக்காமல் வைத்திருக்கிறார், பாவம், அவரும் ஆசையாகத்தான் தருகிறார் என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கினாள்.

“நல்லா தேய்ச்சுக் கழுவித் தோல் சீவினா போயிடுமா அண்ணா?”

“மேல இருக்கறது போகும்” என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கடையில் வளர்ந்தவள், மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடு என்றேன். பார்க்கிறேன் அண்ணா, அத்தை கூடவேதான் இருக்காங்க என்றாள். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே என்று இரண்டு தடவை சொல்லி போனை வைத்தாள்.

முன்னால் வந்தேன். அம்மா ஆவலாக நிமிர்ந்து, என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

“பழம் நல்லா இருந்துச்சாம், அம்மா” என்றேன்.